சாவியைத் திருகும் முன் ஒரு சுற்று

தக்கலையில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது என் வேலை. 14 வருடங்களாக இடப்பக்க இருக்கையில் உட்கார்ந்திருக்கிறேன். பயிற்சி வண்டியில் என் காலடியிலும் ஒரு பிரேக், ஒரு கிளட்ச் இருக்கும். ஸ்டியரிங்கைப் பிடிப்பவரின் கை, கால், கண் மூன்றையும் பக்கத்திலிருந்து நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கும் வேலை இது. அதனால் ஒரு விஷயம் எனக்குச் சீக்கிரமே பிடிபட்டது. நேற்று அழகாக ஓட்டியவர் இன்று மோசமாக ஓட்டினால், அவர் படித்ததை மறக்கவில்லை. வீட்டிலிருந்து எதையோ வண்டிக்குள் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறார்.

இது மற்றவர்களைப் பற்றி எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. என்னைப் பற்றித் தெரிந்துகொள்ள, அம்மை இறந்து 21 நாள் கழிந்த ஒரு காலை தேவைப்பட்டது. அதைச் சொல்லும் முன் கோபத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கோபம்தான் வெளியே தெரியும். துக்கம் தெரியாது.

ஒரு மாணவி, மருத்துவமனையில் நர்ஸ். பன்னிரண்டாவது வகுப்புக்கு வந்தபோது கதவை அடைத்த சத்தத்திலேயே வீட்டில் ஏதோ நடந்திருப்பது தெரிந்தது. தக்கலையிலிருந்து வில்லுக்குறி பக்கம் போனோம். முன்னால் ஒரு பேருந்து. பேருந்துக்குப் பின்னால் போகும்போது 2 நொடி இடைவெளி விட வேண்டும் என்று எல்லோருக்கும் முதல் வாரமே சொல்லிவிடுவேன். அளப்பது சுலபம். பேருந்தின் பின்பக்கம் ஒரு மின்கம்பத்தைத் தாண்டும்போது "ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு" என்று நிதானமாகச் சொல்ல ஆரம்பிக்க வேண்டும். சொல்லி முடித்த பிறகுதான் நம் வண்டி அந்தக் கம்பத்துக்கு வர வேண்டும். முந்தைய வாரம் முழுக்க அதைச் சரியாகச் செய்தவர் அவர். அன்றைக்கு "ஆயிரத்து ஒன்று" முடியும் முன்பே கம்பம் பின்னால் போய்விட்டது.

மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு நொடிக்கு ஏறக்குறைய 14 மீட்டர் போகும். முன்னால் சிவப்பு விளக்கு எரிந்ததும் அதைக் கண்டு, புரிந்து, காலை எடுத்து பிரேக்கில் வைக்கவே ஒரு நொடிக்கு மேல் ஆகும். 14 மீட்டர்கூட இடைவெளி இல்லாமல் போகிறவருக்கு, பேருந்து சட்டென்று நின்றால் வண்டி முழுதாக நிற்கும் முன்பே இடம் தீர்ந்துவிடும். நான் என் பிரேக்கை மெல்ல அழுத்தினேன்.

"டீச்சர், நான் சரியாத்தானே போறேன். அந்தாளு வேணும்னே நிறுத்தி நிறுத்திப் போறாரு."

பேருந்து நின்றது பேருந்து நிறுத்தத்தில். தினமும் நிற்கும் இடம்தான் அது. ஆனால் 'வேணும்னே' என்ற அந்தச் சொல்லை நான் அன்றிலிருந்து குறித்து வைத்திருக்கிறேன். கோபமாக இருப்பவருக்கு ரோட்டில் நடப்பதெல்லாம் தன்னைப் பார்த்துச் செய்வதாகவே தோன்றும். ஆட்டோ வேண்டுமென்றே குறுக்கே வருகிறது, லாரி வேண்டுமென்றே வழிவிட மறுக்கிறது. அந்தச் சொல் மனதில் இரண்டு தடவை வந்துவிட்டால் ஓரமாக நிறுத்தும் நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம். இன்னொன்றும் உண்டு. பயந்தவர் ஆபத்தைக் கூடுதலாக மதிப்பிடுவார், கோபப்பட்டவர் குறைத்து மதிப்பிடுவார். இதை மனவியல் ஆய்வாளர்கள் சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். ஆகவே "நான் சரியாத்தானே போறேன்" என்று அவர் சொன்னது பொய்யில்லை. அவருக்கு உண்மையாகவே அப்படித்தான் தெரிந்தது.

கவலை வேறு மாதிரி வேலை செய்யும். அது காலைத் தொடாது, கண்ணைப் பிடித்துக்கொள்ளும். மகனுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டும், நாளைக்குள் 40,000 ரூபாய் புரட்ட வேண்டும் என்ற நிலையில் ஒருவர் ஓட்ட வந்தால், வேகம் சரியாக இருக்கும், கியர் சரியாக இருக்கும், கண் மட்டும் ரோட்டின் நடுவில் ஆணி அடித்தாற்போல நிற்கும். சில நொடிகளுக்கு ஒருமுறை கண்ணாடி பார்க்கப் பழக்கியிருப்பேன். அன்றைக்கு ஒரு நிமிடம் முழுக்கக் கண்ணாடிப் பக்கம் கண் போகாது. ஸ்பெயின் நாட்டு ஆய்வாளர்கள், ஓட்டுபவர்களுக்கு மனக்கணக்கு போன்ற வேலைகளைக் கொடுத்துக் கண் அசைவை அளந்திருக்கிறார்கள். மனதில் வேலை ஏற ஏறக் கண் சுற்றும் பரப்பு சுருங்கியது, கண்ணாடியையும் வேகமானியையும் பார்ப்பது குறைந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பதும் அதேதான். இடப்பக்கம் ஒட்டி வரும் ஸ்கூட்டர் அவருக்கு இல்லவே இல்லை.

இனி என் கதை.

அம்மை போனது மழைக்காலத்தில். பதினாறாம் நாள் காரியமும் முடிந்து, துட்டி கேட்க வருபவர்களும் குறைந்த பிறகு நான் வேலைக்குத் திரும்பினேன். குலசேகரத்திலிருந்து திருவட்டாறு, வேர்கிளம்பி, அழகியமண்டபம் வழியாகத் தக்கலை. தெரிந்தவர்களுக்குத் தெரியும், வீடுகளும் ரப்பர் தோட்டங்களும் ரோட்டின் விளிம்பு வரை வந்து நிற்கும், வளைவுக்கு வளைவு ஒரு கடை இருக்கும். எனக்குக் கண்ணைக் கட்டிவிட்டாலும் போகத் தெரியும் என்று நினைத்திருந்த ரோடு.

அன்றைக்கு நான் அழவில்லை. வேகமாகவும் போகவில்லை, 40-ஐத் தாண்டியிருக்க மாட்டேன். முந்தின இரவு ஓரளவு தூங்கியிருந்தேன். யாராவது கேட்டிருந்தால் நன்றாகத்தான் இருக்கிறேன் என்று சொல்லியிருப்பேன். ஆனால் இப்போது நினைத்துப் பார்த்தால் மூன்று அடையாளங்கள் இருந்தன. வீட்டு வாசலில் போட்ட இண்டிகேட்டர் நெடுநேரம் அடித்துக்கொண்டே இருந்தது, அந்த டிக் டிக் சத்தம் எனக்குக் கேட்கவே இல்லை. ஒரு ஏற்றத்தில் மூன்றாவது கியரிலேயே இழுத்து வண்டி திணறியது. திருவட்டாறு வந்ததும், இவ்வளவு தூரம் எப்படி வந்தேன் என்று ஒரு கணம் யோசித்தேன், இடையில் எதுவும் நினைவில் இல்லை. மாணவிகளில் யாராவது இப்படி ஓட்டியிருந்தால் அங்கேயே வண்டியை நிறுத்தச் சொல்லியிருப்பேன்.

வேர்கிளம்பி தாண்டி, எதிர்ப்பக்கம் பள்ளிக்கூடப் பேருந்து ஒன்று நின்றிருந்தது. அதை நான் பார்த்தேன். இதுதான் முக்கியம், நான் பார்த்தேன். மஞ்சள் நிறம், பக்கத்தில் குடை பிடித்த ஒரு பாட்டி, எல்லாம் இன்றும் கண்ணில் இருக்கிறது. நிற்கும் பேருந்தின் பின்னாலிருந்து பிள்ளை ஓடி வரலாம் என்று ஆயிரம் பேருக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். என் கால் ஆக்சிலேட்டரிலிருந்து எழவே இல்லை. பிள்ளை வந்தது. நான் அழுத்திய பிரேக்கில் வண்டி கிறீச்சிட்டு, அந்தப் பிள்ளைக்கும் பம்பருக்கும் நடுவில் ஒரு முழம் இருக்கும், நின்றது.

பாட்டி ஓடிவந்து பிள்ளையை அணைத்துக்கொண்டு என்னைக் கேட்டாள். "கண்ணால பாத்துக்கிட்டுத்தானே வந்திய? பாத்துக்கிட்டுத்தானே வந்திய?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. பார்த்துக்கொண்டுதான் வந்தேன். கண் பேருந்தைப் பார்த்தது, மனம் ஆஸ்பத்திரி வராந்தாவில் அம்மையின் காலடியில் உட்கார்ந்திருந்தது. பார்த்ததை 'ஆபத்து' என்று மாற்றிக் காலுக்குச் சொல்ல வேண்டிய ஆள் வண்டியிலேயே இல்லை. 40 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடித் தாமதம் என்பது 11 மீட்டர். நான் ஒரு நொடிதான் தாமதித்திருப்பேன்.

பிறகு இதைப் பற்றித் தேடிப் படித்தேன். பிரான்சில் போர்தோ நகரத்து ஆஸ்பத்திரிக்கு விபத்தில் அடிபட்டு வந்த 955 ஓட்டுநர்களிடம், விபத்துக்குச் சற்று முன் மனம் எங்கே இருந்தது என்று கேட்டிருக்கிறார்கள். 2012-இல் அது வெளிவந்தது. விபத்துக்குத் தாமே காரணமாக இருந்தவர்களில் 17 சதவீதம் பேர், மனதை முழுக்கப் பிடித்துக்கொண்ட நினைப்பில் இருந்திருக்கிறார்கள். காரணமாக இல்லாதவர்களில் அது 9 சதவீதம். அமெரிக்காவில் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தார் 3,500-க்கும் மேற்பட்டவர்களின் வண்டிகளில் கேமரா வைத்து, உண்மையான விபத்துகளைப் பார்த்து 2016-இல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். கோபமோ துக்கமோ அழுகையோ படபடப்போ முகத்தில் தெரியும்படி ஓட்டியவர்களுக்கு, நிதானமாகக் கவனித்து ஓட்டுபவர்களைவிட விபத்து வாய்ப்பு ஏறக்குறைய 10 மடங்கு. முகத்தில் தெரிந்தவர்களின் கணக்கு அது. என் முகத்தில் அன்றைக்கு கேமரா வைத்திருந்தாலும் ஒன்றும் தெரிந்திருக்காது என்பதுதான் என்னை உறுத்துகிறது.

அன்று வண்டியை அழகியமண்டபத்தில் ஓரங்கட்டிவிட்டுத் தம்பியைக் கூப்பிட்டேன். ஒரு மாதம் பேருந்தில்தான் வேலைக்குப் போனேன், வகுப்பை இன்னொரு பயிற்சியாளர் பார்த்துக்கொண்டார். அந்த ஒரு மாதத்தில் யோசித்துக் கண்டுபிடித்து, இப்போது மாணவிகள் எல்லோருக்கும் பழக்கும் ஒன்றைத்தான் இங்கே எழுத வந்தேன்.

வண்டியில் ஏறும் முன் அதைச் சுற்றி ஒருமுறை நடந்து வர வேண்டும். டயர் பார்க்க, அடியில் பூனை கிடக்கிறதா என்று பார்க்க, பழைய ஓட்டுநர்கள் எல்லோரும் செய்ததுதான். நான் அதோடு ஒன்று சேர்த்தேன். சுற்றி வந்து உட்கார்ந்து, பெல்ட் போட்டு, சாவியைத் திருகும் முன், பார்த்ததில் நான்கைச் சொல்ல வேண்டும். பின்னால் என்ன இருந்தது, இடப்பக்கம் என்ன, எந்தச் சக்கரத்தில் காற்று குறைவாகத் தெரிந்தது, பக்கத்து வீட்டு வாசலில் யார் நின்றார்கள். வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்ல முடிந்தால் மனம் வண்டிக்கு வந்துவிட்டது. சுற்றி நடந்தும் ஒன்றும் நினைவில்லை என்றால், கண் பார்த்திருக்கிறது, ஆள் பார்க்கவில்லை. அந்த நிலையோடுதான் நான் வேர்கிளம்பி வரை வந்தேன். இதில் இன்னொரு நல்லது, "நீ வருத்தமாக இருக்கிறாயா" என்று யாரும் தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டாம். அந்தக் கேள்விக்கு நாம் எல்லோரும் "இல்லை" என்றுதான் சொல்வோம்.

சொல்ல முடியவில்லை என்றால் என்ன செய்வது? அது எது வந்து உட்கார்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது.

கோபமென்றால் மூச்சு நன்றாக வேலை செய்யும். இருக்கையைக் கொஞ்சம் பின்னால் தள்ளி, கதவைத் திறந்து வைத்து, கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுத்து மடியில் வைக்க வேண்டும். மூக்கால் 4 எண்ணும் வரை இழுத்து, 6 எண்ணும் வரை விட வேண்டும். ஒரு மூச்சுக்கு 10 நொடி, நிமிடத்துக்கு 6 மூச்சு. வெளியே விடும் மூச்சு நீளும்போது இதயத் துடிப்பு இறங்கும், அதுதான் இதன் சூட்சுமம். 5 நிமிடம் செய்தால் பல்லைக் கடித்திருந்ததும் தோள் ஏறியிருந்ததும் தானாகத் தளரும். பெரிய சண்டை போட்டுவிட்டு வந்தவருக்கு 5 நிமிடம் போதாது. உடம்பு முழுக்க ஏறியது இறங்க 20 நிமிடமாவது கொடுங்கள் என்று சொல்வேன். அந்த நேரத்தில் சண்டையை மனதில் மறுபடி ஓட்டிப் பார்க்கக் கூடாது, யாரையும் போனில் கூப்பிட்டு "கேளு, என்ன சொன்னான் தெரியுமா" என்று ஆரம்பிக்கவும் கூடாது. கொட்டித் தீர்த்தால் கோபம் தணியும் என்று நாம் நம்புகிறோம். கோபமூட்டியவரை நினைத்துக்கொண்டே மூட்டையைக் குத்தியவர்களுக்கு, சும்மா உட்கார்ந்திருந்தவர்களைவிடக் கோபம் கூடித்தான் இருந்தது என்று 2002-இல் அமெரிக்காவில் ஒரு சோதனையில் பார்த்திருக்கிறார்கள்.

கவலைக்கு மூச்சைவிடப் பேனா நல்லது. என் டேஷ்போர்டில் ஒரு சின்ன நோட்டு கிடக்கும். "ரூபாய் 40,000. மாலை 5 மணிக்கு அண்ணனிடம் கேட்பது." ஒரு வரி, ஒரு நேரம். மனம் அதைத் திரும்பத் திரும்பச் சொல்வது மறந்துவிடக் கூடாதே என்றுதான். எழுதி நேரமும் குறித்துவிட்டால் பெரும்பாலும் பிடியைக் கொஞ்சம் விட்டுவிடும். வழியில் மறுபடி வந்தால் ரோட்டை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓட்டச் சொல்வேன். "வலப்பக்கம் சைக்கிள். முன்னால் வளைவு. கண்ணாடியில் ஒரு பைக். பஸ் நிற்கிறது, பின்னால் பிள்ளை வரலாம்." இங்கிலாந்தில் போலீஸ் ஓட்டுநர்களுக்கு இப்படிச் சொல்லிக்கொண்டே ஓட்டும் பயிற்சி உண்டு. வாய் ரோட்டைச் சொல்லும்போது மனதுக்கு வேறு எங்கும் போக இடமில்லை. கண்ணும் கண்ணாடிக்குத் திரும்பிவிடும், சொல்வதற்கு ஏதாவது வேண்டுமே. பத்து நிமிடத்துக்கு மேல் இது களைப்பாக இருக்கும், அதனால் நெரிசலான இடங்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

துக்கத்துக்கு இவை எதுவும் போதாது. 21 நாளில் 30 மூச்சு விட்டுத் துக்கத்தை இறக்கி வைக்க முடியாது, இறக்கி வைக்கவும் வேண்டாம். செய்ய வேண்டியது பயணத்தைத்தான் மாற்றுவது. முதல் சில வாரங்கள் தனியாக ஓட்டாமல் இருப்பது. ஓட்டியே ஆக வேண்டும் என்றால் பக்கத்தில் ஒருவரை உட்கார வைப்பது, பகலில் போவது, பத்து நிமிட ஓட்டத்துக்கு ஒருமுறை நிறுத்துவது. கண்ணில் நீர் வந்தால் துடைத்துக்கொண்டே போகக் கூடாது. நிறுத்தி, அழுது முடித்து, முகம் கழுவி, மறுபடி வண்டியைச் சுற்றி வந்து நான்கைச் சொல்லிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

நம் ஊரில் துட்டி வீட்டில் இரவெல்லாம் விழித்திருந்து, காலையில் அடக்கம் முடிந்ததும் "நான் ஓட்டிருவேன்" என்று சாவியை எடுப்பவர்களை அடிக்கடி பார்க்கிறேன். அவர்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன். 17 முதல் 19 மணி நேரம் தூங்காமல் இருந்தவரின் கவனம், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவருக்குச் சமம் என்று 2000-இல் ஆஸ்திரேலியாவில் அளந்திருக்கிறார்கள். நம் நாட்டில் ஓட்டுவதற்குச் சட்டம் அனுமதிக்கும் எல்லை 0.03 தான். ஒரு சொட்டும் குடிக்காதவர் அந்த எல்லையைத் தாண்டிய நிலையில் மாமாவையும் மைனியையும் ஏற்றிக்கொண்டு மார்த்தாண்டம் நெரிசலுக்குள் போகிறார். அந்த வீட்டிலேயே திண்ணையில் 2 மணி நேரம் படுத்துவிட்டுப் போகலாம். யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

கடைசியாக, போன் செய்பவர்களுக்கு. கெட்ட செய்தி சொல்லக் கூப்பிடும்போது முதல் வார்த்தை "வண்டியிலயா இருக்க?" என்பதாக இருக்கட்டும். ஆமாம் என்றால், "ஓரமா நிறுத்திட்டுக் கூப்பிடு" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிடுங்கள். என்ன, ஏது என்று கேட்டாலும் சொல்லாதீர்கள். நிறுத்திய பிறகு சொல்லும்போது, "நீ ஓட்டிட்டு வர வேண்டாம், தம்பியை அனுப்புகிறேன், அங்கேயே இரு" என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். அம்மைக்கு முடியவில்லை என்று எனக்கு வந்த போன், நான் வண்டி ஓட்டிக்கொண்டிருக்கும்போது வந்தது. கூப்பிட்டவர் கேட்கவில்லை. அவர்மேல் எனக்கு வருத்தமில்லை, அவருக்கும் அது யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. இப்போது எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் இது பழக்கமாகிவிட்டது. சாதாரணமாகத் தேங்காய் விலை கேட்கக் கூப்பிட்டாலும் தம்பி முதலில் அதைத்தான் கேட்கிறான்.

போன செவ்வாய்க்கிழமை அந்த நர்ஸ் மாணவி வந்தாள். இப்போது லைசென்ஸ் வாங்கிவிட்டாள், சொந்தக் கார். அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள், ஆசாரிப்பள்ளம் போக வேண்டும், வழியில் என்னைப் பார்த்துவிட்டுப் போக வந்தாள். பேசி முடித்து வெளியே வந்து, நான் சொல்லாமலே வண்டியைச் சுற்றி நடந்தாள். உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"என்ன பார்த்த?"

"தெரியல டீச்சர்."

இறங்கி மறுபடி சுற்றினாள். இந்தத் தடவை பின்சக்கரத்தின் பக்கம் நின்று குனிந்தாள். வந்து உட்கார்ந்து, வலப்பக்கம் வாழைத்தார் ஏற்றிய ஒரு டெம்போ நிற்கிறது என்று மட்டும் சொன்னாள். அப்புறம் சாவியை எடுத்து என் கையில் வைத்தாள். பயிற்சிப் பள்ளியைப் பூட்டிவிட்டு நானே ஓட்டிக்கொண்டு போய் ஆசாரிப்பள்ளத்தில் விட்டேன். திரும்பி வர எனக்குப் பேருந்து கிடைத்தது.